கரைதிறன் பெருக்கத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள்: உப்புகளைக் கரைதிறன்படி வரிசைப்படுத்தும் வழி

சில்வர் குளோரைடின் கரைதிறன் பெருக்கம் 1.8 × 10⁻¹⁰. சில்வர் குரோமேட்டின் கரைதிறன் பெருக்கம் 1.1 × 10⁻¹². இவற்றுள் நீரில் குறைவாகக் கரைவது எது என்று கேட்டால், பெரும்பாலானோர் கை நேராகக் குரோமேட்டின் மேல் போய் நிற்கும். அதன் எண் நூறு மடங்குக்கும் மேல் சிறியது அல்லவா? ஆனால் விடை குளோரைடு. குரோமேட் அதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாகக் கரைகிறது.

கணக்கு கடினமாக இருப்பதால் வரும் பிழை அல்ல இது. கணக்கே போடாமல் அட்டவணையின் எண்களை மட்டும் பார்த்து வரிசை எழுதுவதால் வருகிறது. இதில் ஒரு தொல்லையும் உண்டு. சில நேரங்களில் அப்படி எழுதிய வரிசை சரியாகவே அமைந்துவிடும், அதனால் அந்தப் பழக்கத்தின் மேல் நம்பிக்கை வளர்ந்துவிடும். எப்போது நேரடி ஒப்பீடு செல்லும், எப்போது செல்லாது, செல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதைக் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறேன். பழகிவிட்டால் இரண்டு உப்புகளுக்கு ஐந்து நிமிடம் போதும். படி 5இல் உள்ள குறுக்குவழி பிடிபட்டால் ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே அட்டவணையிலிருந்து, ஒரே வெப்பநிலைக்கான கரைதிறன் பெருக்க மதிப்புகளை எடுங்கள். வழக்கமாக அது 25 °C. ஒரு உப்புக்கு ஒரு புத்தகம், இன்னொன்றுக்கு வேறு புத்தகம் என்று எடுத்தால் சிறு வேறுபாடுகள் வரும். சில்வர் குரோமேட்டுக்கே 1.1 × 10⁻¹² என்றும் 1.2 × 10⁻¹² என்றும் இரண்டு விதமாகப் பார்க்கலாம். கனமூலம் எடுக்கும்போது இந்த 9 சதவீத வேறுபாடு 3 சதவீதமாகச் சுருங்கிவிடும் என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வெவ்வேறு வெப்பநிலை மதிப்புகளைக் கலப்பதுதான் உண்மையான தவறு.

அடுத்தது கால்குலேட்டர். அதில் கனமூலமும் ஐந்தாம் படிமூலமும் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2.75 × 10⁻¹³ இன் கனமூலத்துக்கு அடுக்கு (1÷3) என்பதை அடைப்புக்குறிக்குள் போடாவிட்டால், கருவி முதலில் அடுக்கு 1 எடுத்துவிட்டுப் பிறகு 3ஆல் வகுக்கும். விடை 9.2 × 10⁻¹⁴ என்று வரும். கனமூலம் எடுத்தால் ஒன்றுக்குக் குறைவான எண் பெரிதாக வேண்டும். விடை சிறுத்துப்போயிருந்தால் அடைப்புக்குறியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

## 2. உப்பு எந்தெந்த அயனிகளாகப் பிரிகிறது என்று எழுதுங்கள்

எண்ணைத் தொடும் முன் பிரிகைச் சமன்பாட்டை எழுதிவிடுங்கள்.

```
AgCl(s)    ⇌ Ag⁺ + Cl⁻
Ag₂CrO₄(s) ⇌ 2Ag⁺ + CrO₄²⁻
```

இதிலிருந்து கரைதிறன் பெருக்கத்தின் கோவை வருகிறது. சமன்பாட்டில் ஓர் அயனியின் முன்னால் நிற்கும் கெழு, அந்த அயனியின் செறிவுக்கு அடுக்காக ஏறும்.

```
Ksp(AgCl)    = [Ag⁺][Cl⁻]
Ksp(Ag₂CrO₄) = [Ag⁺]²[CrO₄²⁻]
```

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது மெர்குரி(I) குளோரைடு, Hg₂Cl₂. வாய்பாட்டைப் பார்த்து நான்கு அயனிகள் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு மெர்குரி அணுக்களும் பிணைந்தே Hg₂²⁺ என்ற ஒரே அயனியாக வெளிவருகின்றன. கூடவே இரண்டு குளோரைடு. ஆக, மொத்தம் மூன்று. இரண்டாவது, மூன்று அயனி என்றாலே எல்லாம் ஒரே வகை என்று நினைப்பது. மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டும் மூன்று அயனிகளைத்தான் தருகிறது. ஆனால் அவை மூன்றும் வெவ்வேறு அயனிகள், ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. அதன் கோவை வேறு.

## 3. அயனி விகிதம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

ஒத்துப்போனால் உங்கள் வேலை இங்கேயே முடிந்தது. சில்வர் குளோரைடு 1.8 × 10⁻¹⁰, சில்வர் புரோமைடு 5.4 × 10⁻¹³, சில்வர் அயோடைடு 8.5 × 10⁻¹⁷. மூன்றும் 1:1 உப்புகள். மூன்றுக்கும் வர்க்கமூலம்தான் எடுக்கப் போகிறோம். பெரிய எண்ணின் வர்க்கமூலம் பெரிதாகவே இருக்கும் என்பதால் வரிசை மாறாது. எண்களை அப்படியே ஒப்பிடலாம்.

1:2 உப்பையும் 2:1 உப்பையும் கூட இப்படியே நேரடியாக ஒப்பிடலாம். லெட் அயோடைடில் எதிரயனி இரண்டு, சில்வர் குரோமேட்டில் நேரயனி இரண்டு. எந்தப் பக்கம் இரட்டித்தாலும் கணக்கு 4s³ என்றே முடிகிறது.

ஆனால் ஒரு பட்டியலில் ஒரே ஒரு உப்பின் விகிதம் மாறுபட்டாலும், அதை மற்றவற்றோடு எண்ணைப் பார்த்து வைக்க முடியாது. வினாத்தாள்களில் நான்கு 1:1 உப்புகளுக்கு நடுவே ஒரு 1:2 உப்பைச் செருகுவது இதற்காகத்தான்.

## 4. மோலார் கரைதிறனைக் கணக்கிடுங்கள்

ஒரு லிட்டர் தெவிட்டிய கரைசலில் எத்தனை மோல் உப்பு கரைந்திருக்கிறது என்பதே மோலார் கரைதிறன். அதை s என்று வைத்துக்கொள்வோம். கரைவது அயனி அல்ல, உப்பு. s என்பது உப்பின் அளவு. இந்த வேறுபாடு சற்றுக் கீழே முக்கியமாகும்.

சில்வர் குளோரைடு s மோல் கரைந்தால் சில்வர் அயனி s, குளோரைடு அயனி s.

```
s × s = 1.8 × 10⁻¹⁰
s = √(1.8 × 10⁻¹⁰) = 1.34 × 10⁻⁵ mol/L
```

சில்வர் குரோமேட் s மோல் கரைந்தால் குரோமேட் அயனி s, சில்வர் அயனி 2s.

```
(2s)² × s = 4s³ = 1.1 × 10⁻¹²
s³ = 2.75 × 10⁻¹³
s = 6.5 × 10⁻⁵ mol/L
```

லிட்டருக்கு 13 மைக்ரோமோல் ஒரு பக்கம், 65 மைக்ரோமோல் மறுபக்கம். எடையில் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூடுகிறது. ஒரு லிட்டரில் சில்வர் குளோரைடு சுமார் 1.9 மில்லிகிராம் கரைகிறது, சில்வர் குரோமேட் சுமார் 21.6 மில்லிகிராம். குரோமேட்டின் மோலார் நிறை பெரிது என்பதால் ஐந்து மடங்கு இங்கே பதினோரு மடங்காகிறது. எனவே வினாவில் கேட்டிருப்பது மோலா, கிராமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இந்தப் படியில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை (2s)² என்ற ஒரே இடத்தில் நடக்கின்றன. சிலர் அடுக்கை மட்டும் போட்டு 2ஐ விட்டுவிடுவார்கள், s³ என்று வரும். விடை 1.03 × 10⁻⁴. சிலர் 2ஐப் போடுவார்கள், அதை வர்க்கப்படுத்த மாட்டார்கள், 2s³ என்று வரும். விடை 8.2 × 10⁻⁵. இன்னும் சிலர் “இரண்டையும் ஏன் போட வேண்டும்? ஒரே 2ஐ இரண்டு தடவை கணக்கில் எடுத்தது ஆகாதா?” என்று கேட்பார்கள். ஆகாது. இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. உள்ளே இருக்கும் 2, கரைசலில் சில்வர் அயனியின் செறிவு எவ்வளவு என்று சொல்கிறது. மேலே இருக்கும் 2, அந்தச் செறிவு சமநிலைக் கோவையில் எந்த அடுக்கில் நிற்கிறது என்று சொல்கிறது. செறிவைத் தனியாக 1.3 × 10⁻⁴ என்று எண்ணாகவே எழுதிக்கொண்டால் குழப்பம் தீரும்: (1.3 × 10⁻⁴)² × (6.5 × 10⁻⁵) = 1.1 × 10⁻¹². கிடைத்த விடையை இப்படித் திரும்பப் பொருத்திப் பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும். மேலே சொன்ன இரண்டு தவறான விடைகளும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் 1.3 × 10⁻⁴ என்பதையே கரைதிறன் என்று எழுதிவிடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். அது சில்வர் அயனியின் செறிவு. உப்பின் கரைதிறன் அதில் பாதி.

### எண் ஏன் ஏமாற்றுகிறது?

கரைதிறன் பெருக்கம் என்பது பெயரிலேயே சொல்வதுபோல் செறிவுகளின் பெருக்கல். சில்வர் குளோரைடில் இரண்டு செறிவுகளைப் பெருக்குகிறோம், குரோமேட்டில் மூன்றை. ஒவ்வொரு செறிவும் ஒன்றைவிட மிகச் சிறியது. ஆகவே பெருக்கும் தடவை கூடக்கூட எண் சரிந்துகொண்டே போகும். குரோமேட்டின் எண் சிறுத்திருப்பதற்கு அது குறைவாகக் கரைவது காரணம் அல்ல. பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று என்ற அளவிலான சிறு எண் ஒன்று கூடுதலாக அங்கே பெருக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை வேறொரு வழியில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சில்வர் குளோரைடின் பெருக்கம் செறிவின் இருபடியில் இருக்கிறது, குரோமேட்டின் பெருக்கம் மும்படியில். ஒரு தரையின் பரப்பளவையும் ஒரு தொட்டியின் கொள்ளளவையும் எடுத்துக்கொண்டு எது பெரிது என்று கேட்பது போன்றது இது. நம்பிக்கை வரவில்லை என்றால் அலகை மட்டும் மாற்றிப் பாருங்கள். லிட்டருக்கு மோல் என்பதற்குப் பதிலாக லிட்டருக்கு மில்லிமோல் என்று எல்லாச் செறிவுகளையும் எழுதுவோம். ஒவ்வொரு செறிவும் 1000 மடங்காகும். குளோரைடில் இரண்டு செறிவுகள், அதனால் பெருக்கம் 10⁶ மடங்கு. குரோமேட்டில் மூன்று, அதனால் 10⁹ மடங்கு.

```
              mol/L           mmol/L
AgCl       1.8 × 10⁻¹⁰      1.8 × 10⁻⁴
Ag₂CrO₄    1.1 × 10⁻¹²      1.1 × 10⁻³
```

இடது நிரலில் குளோரைடு பெரிது, வலது நிரலில் குரோமேட் பெரிது. கரைசலில் ஒரு துளியும் மாறவில்லை. நாம் எழுதும் அலகு மட்டும் மாறியது, வரிசை தலைகீழானது. அலகைப் பொறுத்து மாறும் வரிசைக்கு வேதியியலில் பொருள் கிடையாது. மோலார் கரைதிறனை எடுத்தால் அது எந்த அலகிலும் குரோமேட்டுக்கே பெரிதாக இருக்கும். 0.0134 மில்லிமோலும் 0.065 மில்லிமோலும் எப்படி எழுதினாலும் அதே விகிதத்தில்தான் நிற்கும்.

அட்டவணைகளில் கரைதிறன் பெருக்கத்தை அலகு இல்லாமல் அச்சிடுவது வழக்கம். ஒவ்வொரு செறிவையும் 1 mol/L என்ற திட்டச் செறிவால் வகுத்துவிட்டு எழுதுவதால் அலகு மறைகிறது. முறைப்படி அது சரிதான். ஆனால் ஒப்பிடக் கூடாது என்று எச்சரிக்கும் ஒரே அடையாளத்தையும் அது அழித்துவிடுகிறது என்பது என் குறை.

## 5. நேரம் குறைவாக இருந்தால்: அயனி எண்ணிக்கையால் வகுங்கள்

பல அட்டவணைகள் pKsp என்ற மதிப்பைத் தருகின்றன. கரைதிறன் பெருக்கத்தின் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றியது அது. சில்வர் குளோரைடுக்கு 9.74, குரோமேட்டுக்கு 11.96. இதையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. மடக்கை எடுத்ததால் பழைய சிக்கல் ஒழிந்துவிடுவதில்லை.

ஆனால் இதை ஒரு வாய்பாடு தரும் அயனிகளின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் நல்ல குறுக்குவழி ஒன்று கிடைக்கிறது. குளோரைடு: 9.74 ÷ 2 = 4.87. குரோமேட்: 11.96 ÷ 3 = 3.99. இந்த எண் சிறிதாக இருக்கும் உப்பே அதிகம் கரைவது. குரோமேட் என்று ஒரே வரியில் வந்துவிட்டது.

இந்த வழியில் 4s³ இல் உள்ள 4 போன்ற எண்களை நாம் கைவிட்டிருக்கிறோம். அதனால் எவ்வளவு பிசகும்? 1:1 உப்புக்குப் பிசகே இல்லை. 1:2 உப்புக்கு 0.20, 1:3 உப்புக்கு 0.36, 2:3 உப்புக்கு 0.41. எனவே வகுத்து வந்த இரண்டு எண்களுக்கும் இடையே 0.41ஐவிட அதிக இடைவெளி இருந்தால் வரிசை உறுதி, மேலே கணக்குத் தேவையில்லை. அதற்குள் இருந்தால் படி 4க்குத் திரும்பி முழுதாகப் போடுங்கள். இந்த எல்லை 2:3 வரையான உப்புகளுக்கு மட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு தூரம் எண் ஏமாற்றும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சில்வர் அயோடைடு 8.5 × 10⁻¹⁷, கால்சியம் பாஸ்பேட் 2.1 × 10⁻³³. இரண்டுக்கும் நடுவே பதினாறு சுழிகள். pKsp எடுத்து வகுத்தால் அயோடைடுக்கு 16.07 ÷ 2 = 8.04, ஐந்து அயனிகள் தரும் பாஸ்பேட்டுக்கு 32.68 ÷ 5 = 6.54. இடைவெளி 1.5. பாஸ்பேட்தான் அதிகம் கரைவது. முழுக் கணக்கு இதை உறுதி செய்கிறது: பாஸ்பேட்டுக்கு 108s⁵ என்ற கோவை 1.1 × 10⁻⁷ mol/L என்று தருகிறது, அயோடைடுக்கு 9.2 × 10⁻⁹. பன்னிரண்டு மடங்கு. பாஸ்பேட் அயனி நீரோடு வினைபுரிவதால் உண்மைக் கரைதிறன் இதைவிடவும் கூடும், ஆகவே வரிசை இன்னும் வலுப்படுமே தவிர மாறாது.

## 6. கரைப்பது தூய நீரிலா என்று கேளுங்கள்

இதுவரை போட்ட s எல்லாம் தூய நீருக்கானது. பாத்திரத்தில் ஏற்கெனவே ஒரு பொது அயனி இருந்தால் மோலார் கரைதிறனின் வரிசையும் புரளலாம். படி 4ஐச் சரியாகச் செய்தவர்கள்கூட இங்கே வழுக்குகிறார்கள்.

0.1 M சில்வர் நைட்ரேட் கரைசலில் இரண்டு உப்புகளையும் தனித்தனியே போடுவோம். சில்வர் அயனியின் செறிவு 0.1 என்றே நிற்கும், உப்பிலிருந்து வருவது பொருட்படுத்தும் அளவு அல்ல.

```
AgCl:     s = 1.8 × 10⁻¹⁰ ÷ 0.1    = 1.8 × 10⁻⁹ mol/L
Ag₂CrO₄:  s = 1.1 × 10⁻¹² ÷ (0.1)² = 1.1 × 10⁻¹⁰ mol/L
```

இப்போது குரோமேட்தான் குறைவாகக் கரைவது. தூய நீரில் ஐந்து மடங்கு அதிகம் கரைந்த உப்பு, இங்கே பதினாறில் ஒரு பங்குதான் கரைகிறது. காரணம் அதே அடுக்குதான். குரோமேட்டின் கோவையில் சில்வர் செறிவு வர்க்கமாக நிற்பதால், சில்வரைக் கூட்டும்போது அதன் கரைதிறன் இருமடங்கு வேகத்தில் அமுங்குகிறது. சில்வர் அயனி எந்தச் செறிவைத் தாண்டினால் வரிசை மாறும் என்பதையும் கண்டுபிடிக்கலாம். செறிவை c என்று வைத்து, 1.8 × 10⁻¹⁰ ÷ c என்பதையும் 1.1 × 10⁻¹² ÷ c² என்பதையும் சமப்படுத்தினால் c = 6.1 × 10⁻³ mol/L. அதற்குக் கீழே குளோரைடு குறைவாகக் கரையும், மேலே குரோமேட் குறைவாகக் கரையும்.

பொது அயனி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். சில்வருக்குப் பதிலாக எதிரயனி 0.1 M இருந்தால், அதாவது குளோரைடை 0.1 M குளோரைடு கரைசலிலும் குரோமேட்டை 0.1 M குரோமேட் கரைசலிலும் போட்டால், குளோரைடின் கரைதிறன் அதே 1.8 × 10⁻⁹ ஆகவும் குரோமேட்டின் கரைதிறன் 1.7 × 10⁻⁶ ஆகவும் வருகிறது. பழைய வரிசையே. குரோமேட் கணக்கில் சில்வர் செறிவு 3.3 × 10⁻⁶, கரைதிறன் அதில் பாதி என்பதை மறக்க வேண்டாம்.

## 7. எது முதலில் வீழ்படியும் என்ற வினா வேறு

ஒரே கரைசலில் குளோரைடும் குரோமேட்டும் இருக்கின்றன, மேலே சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். எது முதலில் வீழ்படியும்? இதற்குக் கரைதிறன் பெருக்கத்தையும் ஒப்பிடக் கூடாது, தூய நீரில் கிடைத்த s ஐயும் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு உப்பும் வீழ்படியத் தொடங்க எவ்வளவு சில்வர் அயனி வேண்டும் என்று கணக்கிட வேண்டும். குறைவாகக் கேட்பது முதலில் வரும்.

மோர் முறைத் தரம்பார்த்தலில் நடப்பது இதுதான். குளோரைடு 0.1 M, நிறங்காட்டியாகச் சேர்த்த குரோமேட் 0.005 M என்று கொள்வோம்.

```
AgCl:     [Ag⁺] = 1.8 × 10⁻¹⁰ ÷ 0.1       = 1.8 × 10⁻⁹
Ag₂CrO₄:  [Ag⁺] = √(1.1 × 10⁻¹² ÷ 0.005)  = 1.5 × 10⁻⁵
```

குரோமேட் எண்ணாயிரம் மடங்கு அதிக சில்வரைக் கேட்கிறது. எனவே வெள்ளை வீழ்படிவு முதலில் வந்துகொண்டே இருக்கும். குளோரைடு தீரத்தீர சில்வர் செறிவு ஏறும். சமான நிலையில் அது 1.34 × 10⁻⁵, அதாவது நாம் படி 4இல் கண்ட அதே எண். அதைச் சற்றே தாண்டி 1.5 × 10⁻⁵ஐத் தொட்டதும் செங்கல் நிறம் தோன்றுகிறது. அந்தக் கணத்தில் கரைசலில் மிஞ்சியிருக்கும் குளோரைடு 1.2 × 10⁻⁵ mol/L மட்டுமே. குரோமேட் செறிவை ஏன் அந்த அளவில் வைக்கிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதிகம் போட்டால் சிவப்பு முன்கூட்டியே வரும், மிகக் குறைத்தால் தாமதமாகும்.

கரைதிறன் பெருக்க எண்ணை மட்டும் நம்பியிருந்தால் முதல் சொட்டிலேயே சிவப்பு வந்து நிலைத்திருக்க வேண்டும். உண்மையில் சொட்டு விழும் இடத்தில் சிவப்பு ஒரு கணம் தெரியும், குடுவையைச் சுழற்றியதும் மறைந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் சில்வர் மிகுந்திருந்ததால் உருவான குரோமேட், சுற்றியுள்ள குளோரைடைச் சந்தித்ததும் வெள்ளைக் குளோரைடாக மாறிவிடுகிறது. சுழற்றியும் மங்காத முதல் நிறமே முடிவு நிலை. கண்ணுக்குத் தெரியும் அளவு சிவப்பு உருவாகவும் கொஞ்சம் சில்வர் செலவாகும் என்பதால், குளோரைடு இல்லாத வெற்றுக் கரைசலிலும் ஒரு முறை செய்து அந்தக் கன அளவைக் கழித்துக்கொள்வார்கள்.

அமிலக் கரைசலில் இது நடக்காது. குரோமேட் அயனி புரோட்டானை ஏற்று HCrO₄⁻ ஆகவும் டைகுரோமேட்டாகவும் போய்விடும், சிவப்பு தாமதமாகும் அல்லது வராது. காரத்தன்மை மிகுந்தால் சில்வர் ஆக்சைடு பழுப்பாக வீழ்படியும். pH சுமார் 6.5க்கும் 10க்கும் இடையே வைப்பது இதனால்தான்.

## 8. கணக்கு கைவிடும் இடங்கள்

ஓரளவு நன்றாகக் கரையும் உப்புகளில் s கணக்கு குறைவாகவே காட்டும். கால்சியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் 4.9 × 10⁻⁵, வர்க்கமூலம் 0.007 mol/L. நீரில் உண்மையில் கரைவது ஏறத்தாழ 0.015, இரண்டு மடங்கு. நேரயனியும் எதிரயனியும் இணையாக ஒட்டிக்கொண்டே கரைசலில் இருப்பதும், அயனிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் செறிவு முழுதாகச் செயல்படாததும் காரணங்கள். சில்வர் குளோரைடு போன்ற மிகக் குறைவாகக் கரையும் உப்புகளில் இந்தப் பிசகு பொருட்படுத்தும் அளவுக்கு இராது. ஆனால் அங்கே வேறொன்று உண்டு: குளோரைடைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் AgCl₂⁻ உருவாகி, கரைதிறன் குறைவதற்குப் பதில் ஏறத் தொடங்கும். படி 6இல் 0.1 M குளோரைடுக்குக் கிடைத்த 1.8 × 10⁻⁹ஐ இதனால் தாள்கணக்காக மட்டும் கொள்ளுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது நீராற்பகுப்பு. கார்பனேட், பாஸ்பேட், சல்பைடு போன்ற எதிரயனிகள் நீரிலிருந்து புரோட்டானைப் பிடுங்கிக்கொள்கின்றன. எதிரயனி இப்படிக் குறையக்குறைய மேலும் உப்பு கரையும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடையும் கால்சியம் கார்பனேட்டையும் எடுங்கள். ஹைட்ராக்சைடு 5.6 × 10⁻¹², கார்பனேட் 3.4 × 10⁻⁹. எண்ணைப் பார்த்தால் ஹைட்ராக்சைடு குறைவாகக் கரைகிறது. s போட்டால் ஹைட்ராக்சைடு 1.1 × 10⁻⁴, கார்பனேட் 5.8 × 10⁻⁵. வரிசை புரண்டுவிட்டது, இதுவே விடை என்று தோன்றும். ஆனால் கார்பன் டையாக்சைடு புகாத நீரில், கரைந்த கார்பனேட்டில் நான்கில் மூன்று பங்கு பைகார்பனேட்டாக மாறிவிடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் 1.1 × 10⁻⁴ என்று வருகிறது. இரண்டும் சமம். காற்றுப் பட்ட நீரானால் கார்பனேட் இன்னும் அதிகமாகக் கரைந்து முந்திவிடும்.